மைக்செட் போன பிறகு என்.எஸ்.எஸ். சார் பேசும் ஐந்து நிமிடம்

காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டதும், தமிழ்நாட்டின் பல மேல்நிலைப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் பாயும் போர்வையுமாகப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கிளம்புவார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது. பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. அரசாணைகளில் அதன் பெயர் நீளமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் அது வெறும் 'கேம்ப்'. அதை நடத்தும் திட்ட அலுவலர் 'என்.எஸ்.எஸ். சார்'.

முதல் நாள் எப்படி நடக்கும் என்று கேம்ப் போனவர்களுக்குத் தெரியும். ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் வாசலில் பிளக்ஸ். சாமியானா. தலைமை ஆசிரியர், ஊராட்சி மன்றத் தலைவர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், ஊர்ப் பெரியவர்கள் என்று மேடையில் ஒரு வரிசை. ஆளுக்கொரு பொன்னாடை. வருங்காலத் தூண்கள் என்று குறைந்தது மூன்று பேராவது சொல்வார்கள். தூண்களோ வெயிலில் நெளிந்துகொண்டிருக்கும். திட்ட அலுவலரும் அந்த மேடையில்தான் இருப்பார். அவரைப் பற்றி வரவேற்புரையில் 'ஓயாத உழைப்பாளி' என்று ஒரு வரி வந்து போகும். பிள்ளைகளுக்கு அதனால் எதுவும் தெரிந்துவிடாது.

ஐந்து மணிக்கு விருந்தினர்கள் கிளம்பிவிடுவார்கள். சாமியானாவையும் மைக்செட்டையும் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். மிஞ்சுவது இருபத்தைந்து பையன்கள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு சமையல்காரர், பெஞ்சுகளை ஓரம் தள்ளிய இரண்டு வகுப்பறைகள். கேம்ப் உண்மையில் தொடங்குவது அப்போதுதான். இருட்டும் நேரத்தில் எல்லோரையும் உட்காரவைத்து அந்த ஆசிரியர் 'நான் இன்னார்' என்று சொல்வது விழா நிரலில் அச்சடிக்கப்படாத நிகழ்ச்சி. அடுத்த ஆறு நாளும் எப்படிப் போகும் என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

அந்தப் பிள்ளைகளின் இடத்திலிருந்து பார்த்தால் காரணம் புரியும். பதினாறு வயது. பலருக்கு வீட்டை விட்டு வெளியே தூங்கும் முதல் இரவு, கல்யாண வீட்டுக் கணக்கைச் சேர்க்காவிட்டால். எதிரே உட்கார்ந்திருப்பவர் வகுப்பில் வேதியியல் நடத்துகிற, செய்முறைத் தேர்வுக்கு மதிப்பெண் போடுகிற மனிதர். அவர் எம்.எஸ்சி. எந்தக் கல்லூரியில் படித்தார் என்பது அவர்களுக்கு வேண்டாத செய்தி. வேண்டிய செய்திகள் வேறு. ராத்திரி வயிற்றை வலித்தால் இவரை எழுப்பலாமா? இங்கே தப்பு செய்தால் பிராக்டிகல் மார்க்கில் கைவைப்பாரா? நம்மை வெட்டச் சொல்லிவிட்டு இவர் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருவாரா? இந்தக் கேள்விகளை எந்தப் பையனும் வாய்விட்டுக் கேட்கமாட்டான். பதில் வரும்வரை அவன் ஒதுங்கியே இருப்பான்.

இத்தனைக்கும் பதில் சொல்லக்கூடிய ஓர் அறிமுகத்தை எழுதிப் பார்க்கலாம். பேசுபவர் கற்பனை ஆசிரியர். நடப்பது அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளியின் கேம்ப். மாலை ஆறே முக்கால். டீயும் சுண்டலும் ஆகிவிட்டது. சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

"எல்லாரும் உக்காந்தாச்சா? பின்னாடி இருக்கறவங்க முன்னாடி வாங்கப்பா, மைக் கிடையாது. ஸ்கூல்ல நான் கெமிஸ்ட்ரி சார். இங்க என்.எஸ்.எஸ். சார். இது எனக்கு நாலாவது கேம்ப். சாப்பாடு, வேலை, யாருக்காவது உடம்பு முடியலைன்னா ஆஸ்பத்திரி, இந்த மூணுக்கும் நான்தான் பொறுப்பு. நாளைக்குக் காலைல ஆறரைக்குக் குளத்துக் கரையில சீமைக்கருவேலம் வெட்டப் போறோம். எனக்கு அருவா பிடிக்க வரும், உங்ககூடத்தான் வெட்டுவேன். பாட்டு சுத்தமா வராது. ராத்திரி கலைநிகழ்ச்சிய உங்கள்ல யாராவதுதான் பாத்துக்கணும். போன கேம்ப்ல நான் ரப்பர் செருப்போட முள்ளு வெட்டப் போயி, செருப்பத் தாண்டி ஏறி, ரெண்டு நாள் நொண்டினேன். அதனால ஷூ போடாதவன் நாளைக்குக் கரைக்கு வரவேணாம், இங்கயே காய் நறுக்கலாம். ஷூ இல்லாதவங்க எங்கிட்டச் சொல்லுங்க, ஸ்கூல்லேர்ந்து நாலஞ்சு ஜோடி எடுத்து வந்திருக்கேன்.

"இங்க நடக்கற எதுவும் பிராக்டிகல் மார்க்குக்குப் போகாது. அதுக்காக எது வேணா பண்ணலாம்னு இல்ல. ரெண்டு விஷயத்துக்கு வீட்டுக்குப் போன் போகும், அன்னிக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லிடுவேன். ஒண்ணு, குளத்துல இறங்கறது. நீச்சல் தெரிஞ்சாலும் சரி. இன்னொண்ணு, ஊர்க்காரங்களோட தகராறு. மத்த எல்லாத்தையும் இங்கயே பேசி முடிச்சுக்கலாம். ராத்திரி நான் வராண்டாவுல, இந்த வாசல் ஓரமாப் படுத்திருப்பேன். எத்தனை மணியானாலும் எழுப்பலாம், திட்டமாட்டேன். வெளிய போறவங்க டார்ச் எடுத்துக்கிட்டு ரெண்டு பேராப் போங்க. வீசிங் இருக்கறவங்க, மாத்திரை சாப்பிடறவங்க, ஏதாவது சாப்பிட்டா ஒத்துக்காதவங்க சாப்பாட்டுக்கு முன்னாடி எங்கிட்ட வாங்க. இங்க எல்லார் முன்னாடியும் சொல்லவேணாம். அந்த வேப்பமரத்துக்குக் கீழ நிப்பேன்.

"கடைசியா ஒண்ணு. எங்கிட்டச் சொன்னத நான் ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து பேசமாட்டேன். ஆனா யாராவது உங்களத் தொந்தரவு பண்றாங்கன்னு சொன்னீங்கன்னா, அத மட்டும் எனக்குள்ள வெச்சுக்க முடியாது. யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்குச் சொல்லித்தான் ஆகணும். யாருக்குச் சொல்லப் போறேன்னு முதல்ல உங்ககிட்டச் சொல்லிடுவேன். இப்ப கேளுங்க, என்ன கேக்கணும்?"

நிதானமாகப் பேசினாலும் ஐந்து நிமிடத்தைத் தாண்டாது. இதில் அவருடைய சொந்த ஊர் இல்லை, அப்பா பெயர் இல்லை, பட்டம் இல்லை, வாங்கிய விருது இல்லை. மறந்துபோய் விடுபட்டவை அல்ல இவை, வேண்டுமென்றே விடப்பட்டவை. ஏன் என்பதுதான் இந்த விஷயத்தில் முக்கியமான நுட்பம்.

முகாம் தலைவர் தன்னைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு தகவலும் அடுத்து பிள்ளைகளுக்கான கேள்வித்தாள் ஆகிவிடுகிறது. அவர் முடித்ததும் 'சரி, இப்ப ஒவ்வொருத்தரா சொல்லுங்க' என்பார். பையன்கள் அவர் போட்டுக்கொடுத்த அச்சிலேயே சொல்வார்கள். 'என் பேர் இது, ஊர் இது, அப்பா ஹெட்மாஸ்டரா இருந்து ரிடையர் ஆனவர்' என்று அவர் தொடங்கினால், அப்பா இல்லாத பையன் அந்த வரிசையில் தன் முறை வரும்வரை எச்சில் விழுங்கிக்கொண்டிருப்பான். அப்பா இருந்தும் அவரைப் பற்றிப் பேச விரும்பாதவன் பொய் சொல்வான். பத்தாம் வகுப்பில் தான் எடுத்த மதிப்பெண்ணை ஆசிரியர் பெருமையாகச் சொன்னால், அறிமுகம் மதிப்பெண் பட்டியல் வாசிப்பாக மாறிவிடும்.

ஊர் இன்னும் சிக்கல். 'எந்த ஊர்?' என்பது நம்மிடையே அன்பான விசாரிப்பு. ஆனால் அதற்கு அடுத்து 'அங்க எந்தத் தெரு?' என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வி எதைத் தேடுகிறது என்பது தமிழ்நாட்டில் பதினாறு வயதுப் பையனுக்கும் தெரியும். தெருப் பெயர் தெரிந்துவிட்டால் யார் யாருடன் பாய் விரிப்பது, யார் தட்டில் யார் கைவைப்பது என்பதெல்லாம் பேச்சின்றியே முடிவாகத் தொடங்கிவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மணிக்கட்டில் கட்டக்கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, அறிமுகம் என்ற பெயரில் தெருவைக் கேட்பதில் பொருளில்லை. ஆசிரியர் தன் ஊரைச் சொல்லாமல் விட்டால் பையன்களும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லாமல் போகிறது. கேம்பில் தெரிந்துகொள்ள வேண்டியது யாருக்கு என்ன வேலை வரும் என்பதைத்தான். அவர் அதையே சொன்னார்: அரிவாள் வரும், பாட்டு வராது.

அவர் சொன்ன செருப்புக் கதையும் கவனிக்க வேண்டியது. தன் தவறு ஒன்றைச் சொல்லிச் சிரிக்கவைப்பது முகாம் தலைவர்கள் பலரும் செய்வது. அதனால் நெருக்கம் வரும் என்று பொதுவாக நம்பப்படுகிறது. அது பாதிதான் உண்மை. 1966-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் எலியட் ஆரன்சனும் சக ஆய்வாளர்களும் மாணவர்களுக்கு ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். வினாடி வினாப் போட்டிக்குத் தேர்வுக்கு வந்த ஒருவரின் பேச்சு அது. ஒரு பதிவில் அவர் கடினமான கேள்விகளுக்கு 92 சதவீதம் சரியாகப் பதில் சொல்வார். இன்னொன்றில் 30 சதவீதம்தான். சில பதிவுகளின் கடைசியில் கோப்பை உருளும் சத்தம் கேட்கும், ஐயோ புதுக் கோட்டில் காபியைக் கொட்டிக்கொண்டேனே என்று அவர் பதறுவார். கெட்டிக்காரர் காபியைக் கொட்டியபோது அவர் மேல் கேட்டவர்களுக்குப் பிரியம் கூடியது. சுமாரானவர் கொட்டியபோது இருந்த பிரியமும் குறைந்தது. கேட்டவர்கள் அத்தனை பேரும் கல்லூரி ஆண்கள், மொத்தமே நாற்பத்தெட்டுப் பேர் என்பதால் இதை எல்லோருக்கும் பொருத்திவிட முடியாது. ஆனால் முதல் நாள் மாலைக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது: வரிசை முக்கியம். நம் ஆசிரியர் முதலில் 'நாலாவது கேம்ப், அருவா பிடிக்க வரும்' என்றார். அதன் பிறகுதான் முள் குத்திய கதை. எடுத்த எடுப்பில் 'எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுப்பா, ஹெச்.எம். தலையில கட்டிட்டாரு' என்று தொடங்கும் ஆசிரியரும் உண்டு. அடக்கமாகப் பேசுவதாக அவர் நினைத்துக்கொள்கிறார். பையன்களின் காதில் விழுவதோ, ஆபத்து என்றால் இவரை நம்ப முடியாது என்பதுதான். அன்றிரவே கேம்பின் தலைமை வாயாடிப் பையன் ஒருவனிடம் போய்விடும்.

இன்னொன்று, அந்தக் கதை ஒரு விதியில் போய் முடிந்தது. ஷூ போடு என்பதற்குக் காரணம் அவர் காலில் இருக்கிறது. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைச் சுலபமாகத் துளைத்துவிடும், உள்ளே ஒடிந்துவிட்டால் சீழ் வைக்கும். வெறுமனே சிரிக்கவைக்கும் கதைகளைக் கலைநிகழ்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாம். காதல் தோல்வி, கல்லூரிக் காலத்துக் குறும்பு, சிகரெட் பிடித்து மாட்டிக்கொண்டது போன்றவை அறிமுகத்திலும் வேண்டாம், கலைநிகழ்ச்சியிலும் வேண்டாம். கேட்கும்போது பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மூன்றாம் நாள் பள்ளிக்குப் பின்னால் பீடி வாசனை வந்தால் அவர் வாயைத் திறக்க முடியாது.

'நான் உங்களுக்கு சார் இல்ல, பிரெண்டு' என்ற வசனத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்திருக்க மாட்டேன் என்பவனின் போர்வையை உருவும்போது அந்த நட்பு முறிகிறது. பையனுக்குத் தான் ஏமாற்றப்பட்ட உணர்வு. சார் சாராகவே இருக்கலாம். எந்த மாதிரி சார் என்பதைச் சொன்னால் போதும்.

வாக்குறுதிகளில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். 'எங்கிட்ட என்ன வேணா சொல்லலாம், யார்கிட்டயும் சொல்லமாட்டேன்' என்பது கேட்க இனிமையாக இருக்கும். அதை அவரால் காப்பாற்ற முடியாது, சட்டமும் அனுமதிக்காது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 19-ஆம் பிரிவு அது. தெரிவிக்காமல் இருப்பது 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. கேம்பில் இரவு நேரத்தில், வீட்டிலிருந்து தள்ளி இருக்கும் தைரியத்தில், பிள்ளைகள் திடீரென்று பெரிய விஷயங்களைச் சொல்வது அபூர்வமல்ல. ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்துவிட்டு மறுநாள் புகார் கொடுக்கும் ஆசிரியர், அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது முறையாக நம்பிக்கைத் துரோகம் செய்தவர் ஆகிறார். அதனால்தான் நம் ஆசிரியர் எல்லையை முதலிலேயே கோடு போட்டுக் காட்டினார். சொல்லப்போவதை முதலில் உன்னிடம் சொல்வேன் என்பது அவரால் காப்பாற்ற முடிந்த வாக்கு. அவரிடமே சொல்ல முடியாத விஷயமாகவும் இருக்கலாம், புகாரே அவரைப் பற்றியதாகவும் இருக்கலாம். அதற்குக் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ வகுப்பறைக் கரும்பலகையில் பெரிதாக எழுதிவைத்துவிடுவது நல்லது. பக்கத்தில் ஆம்புலன்ஸுக்கு 108. எழுதியதை ஏழு நாளும் அழிக்கக் கூடாது.

வேப்பமரத்தடியும் யோசித்துத் தேர்ந்தெடுத்த இடம்தான். வீசிங் இருக்கிறது, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறேன், இன்னும் சில இரவுகளில் படுக்கை நனைந்துவிடுகிறது என்பதையெல்லாம் இருபத்தைந்து பேர் நடுவில் எவனும் சொல்லமாட்டான். அதே சமயம், பெரியவர் ஒருவரும் பையன் ஒருவனும் மூடிய அறைக்குள் தனியாக இருப்பதும் கூடாது. மரத்தடியில் நின்றால் பேச்சு யார் காதிலும் விழாது, ஆனால் இருவரும் எல்லோர் கண்ணிலும் படுவார்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் உடல்நிலை பற்றி ஒரு கட்டம் வைத்தாலும் பெரும்பாலும் அதில் ஒரு கோடுதான் போட்டு வரும். விட்டால் கேம்புக்கு அனுப்பமாட்டார்களோ என்ற பயம்தான் காரணம். உண்மையான பட்டியல் மரத்தடியில் கிடைப்பதுதான்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பேச்சைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொண்டால் பாதிப் பேர் தூங்கிவழிவார்கள், மீதிப் பேர் மரத்தடிக்கு வரமாட்டார்கள். தொடக்க விழா முடிந்த கையோடு வைத்தால் காதில் இன்னும் மைக் இரைந்துகொண்டிருக்கும். முகம் கழுவி, டீ குடித்து, பெட்டியை எந்த மூலையில் வைப்பது என்ற சண்டை தீர்ந்தபிறகு, இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் தொடங்குவது வசதி. செப்டம்பர் கடைசியில் ஆறேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், மாலை மழை வேறு. கரண்ட் போகும் என்று எண்ணி ஒரு எமர்ஜென்சி லைட்டைச் சார்ஜ் போட்டு வைத்திருப்பது நல்லது.

ஆசிரியரும் தரையில் உட்கார வேண்டுமா? முட்டி வலி இல்லாவிட்டால் உட்காரலாம். நாற்காலி போட்டுக்கொண்டால் குடி முழுகிவிடாது; நாளைக்குக் கரையில் நாற்காலி போடாமல் இருந்தால் சரி.

அடுத்து பிள்ளைகளின் முறை. இங்கேதான் பலரும் பழக்கதோஷத்தில் 'வலது பக்கத்திலேர்ந்து ஒவ்வொருத்தரா எழுந்து சொல்லுங்க' என்கிறார்கள். இருபத்தைந்து பேர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, பெயரைச் சொல்லி உட்கார்வார்கள். முடிந்ததும் கேட்டுப்பாருங்கள், பக்கத்தில் இருந்தவன் என்ன சொன்னான் என்று. தெரியாது. கவனக்குறைவு என்று திட்டுவதற்கு முன் ஒரு விஷயம். 1973-ல் மால்கம் பிரென்னர் என்ற ஆய்வாளர் ஆட்களைச் சுற்றி உட்காரவைத்து முறைப்படி ஆளுக்கொரு சொல்லை வாசிக்கச் சொன்னார். பிறகு நினைவில் இருப்பதைக் கேட்டார். தன் முறைக்குச் சற்று முன்னால் வாசிக்கப்பட்ட சொற்கள்தான் ஒவ்வொருவருக்கும் அதிகமாக மறந்திருந்தன. தன் முறை நெருங்க நெருங்க மனசு தன் வரியையே ஒத்திகை பார்க்கிறது. காது திறந்திருந்தும் எதுவும் உள்ளே போவதில்லை. சபையில் பேசிப் பழகாத பையனுக்கு இந்த ஒத்திகை நாலைந்து பேருக்கு முன்பே தொடங்கிவிடும்.

இதற்கு மாற்று சிரமமானதல்ல. பெஞ்சுத் தோழனோடு சேராதபடி இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டு, மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளச் சொல்லலாம். உன்னை எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும்? உனக்கு நன்றாக வரும் வேலை எது? எந்த வேலையைக் கொடுத்தால் முகம் சுளிப்பாய்? ஐந்து நிமிடம் கழித்து ஒவ்வொருவனும் தன்னை அல்ல, தன் ஜோடியை அறிமுகப்படுத்துவான். 'இவன் சைக்கிள் பஞ்சர் ஒட்டுவான், கக்கூஸ் கழுவச் சொன்னா அழுதுடுவான்' என்று சொல்லும்போது கூட்டம் சிரிக்கும். அடுத்தவனைப் பற்றிப் பேசுவதால் கூச்சமும் பாதியாகக் குறையும். பால் கறக்கத் தெரிந்தவன், தோசை சுடத் தெரிந்தவன், ஒயரிங் தெரிந்தவன் யார் யார் என்று ஆசிரியர் அப்படியே நோட்டில் குறித்துக்கொண்டால் மறுநாள் வேலைப் பிரிவு தயார்.

முதல் கேள்வி சின்னதாகத் தெரியும், ஆனால் அதில் ஒரு விடுதலை இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து 'பல்லி' என்றோ 'கட்டை' என்றோ பட்டப்பெயரைச் சுமந்து வருபவன், தன் சொந்தப் பெயரைக் கேட்டுப்பெற அன்று ஒரு வாய்ப்பு. அவன் ஜோடி அந்தப் பெயரைச் சபையில் சொன்னதும் 'இனி இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறோம்' என்று ஆசிரியர் ஒரு வரி போட்டால் போதும். பட்டப்பெயர் அன்றே ஒழிந்துவிடாது. ஆனால் கூப்பிடுபவனைத் தடுத்துக்கேட்க அவனுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

சில கேம்புகளில் இந்த அறிமுகம் என்ன செய்தும் எடுபடாது. முந்தைய ஆண்டு கேம்ப் போன அண்ணன்மார்கள் 'அந்த சார் முதல் நாள் நல்லாத்தான் பேசுவாரு' என்று ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருப்பார்கள். வகுப்பில் பிரம்பெடுப்பவர் கேம்பில் வந்து மார்க்கில் கைவைக்கமாட்டேன் என்றால் யார் நம்புவார்கள்? ஐந்து நிமிடப் பேச்சால் ஒன்றரை வருடத்து வகுப்பறையை அழிக்க முடியாது. அப்படிப்பட்டவர் பேச்சைச் சுருக்கிக்கொண்டு, உடன் வந்திருக்கும் உதவி ஆசிரியரை மரத்தடியில் நிற்கச் சொல்வது நடைமுறைக்கு ஒத்தது. இன்னொரு சிக்கல், இடையில் ஆள் மாறுவது. வீட்டில் விசேஷம் என்று திட்ட அலுவலர் நாலாம் நாள் கிளம்பி, வேறோர் ஆசிரியர் பொறுப்புக்கு வந்தால், புதியவரும் மாலையில் இரண்டு நிமிடமாவது பேச வேண்டும்: எங்கே படுப்பேன், பழைய சார் சொன்னதில் எதெல்லாம் அப்படியே தொடரும், யாருக்கு என்ன மாத்திரை என்பது எனக்கும் தெரியும். கடைசிச் செய்தியைப் பெயர் சொல்லாமல் சொல்ல வேண்டும்.

எடுபட்டதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அறிமுகம் முடிந்ததும் எழும் கைத்தட்டல் கணக்கில்லை, என்.எஸ்.எஸ். பிள்ளைகள் எதற்கும் தாளம் பிசகாமல் தட்டுவார்கள். 'கேள்வி இருக்கா?' என்றதும் நிலவும் அமைதியும் கெட்ட சகுனமல்ல. பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. சாப்பாட்டுக்கு முன் மரத்தடிக்கு ஒருவனாவது வந்தானா? இருபத்தைந்து பேரில் ஒருவருக்குக்கூட எந்த உடம்புத் தொந்தரவும் இல்லை என்றால் நம்பிவிடக் கூடாது, உதவி ஆசிரியரை விட்டு இன்னொரு முறை கேட்கச் சொல்ல வேண்டும். காலையில் ஷூ இல்லாதவன் தானாக முன்வந்து கேட்டானா, அல்லது அண்ணனின் பெரிய ஷூவைக் கயிறு கட்டிப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்து நிற்கிறானா? இரண்டாம் நாள் சாம்பாரில் உப்பு கூடியிருந்தால், அதை அவர் முன்னாலேயே சொல்கிறார்களா, அவர் எழுந்து போனபிறகு முணுமுணுக்கிறார்களா? முன்னாலேயே சொல்கிறார்கள் என்றால் அவர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போய், மறுநாள் எவ்வளவு உப்பு என்று சமையல்காரரோடு பேசிவிட்டு வரலாம்.